பாயசத்துக்கு அட்டவணை, பெயிண்டுக்குச் சம அளவு: விகிதப் பாடத்தை எந்த வழியில் தொடங்குவது?

ஆறாம், ஏழாம் வகுப்பில் விகிதமும் விகிதசமமும் வரும்போது ஆசிரியர் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. முதலில் ஒன்றுக்கு எவ்வளவு என்று கண்டுபிடித்துப் பிறகு பெருக்கும் ஓரலகு முறை. அளவுகளை வரிசையாக எழுதி, இரட்டித்தும் பாதியாக்கியும் கூட்டியும் போய்ச் சேரும் விகித அட்டவணை. இரண்டு பின்னங்களைச் சமமாக வைத்துக் குறுக்காகப் பெருக்கும் முறை. மூன்றும் ஒரே விடையைத்தான் தரும். ஆனால் பிள்ளைகள் எங்கே தவறுவார்கள், தவறினால் அது அவர்களுக்கே தெரியுமா என்பதில் மூன்றும் ஒன்றல்ல. எதை முதலில் எடுப்பது என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஒப்பிட இரண்டு கணக்குகள் போதும்: ஒரு சமையல் அளவைப் பெருக்குவது, இரண்டு பெயிண்ட் கலவைகளை ஒப்பிடுவது. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் தமிழ் பேசும் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பருப்புப் பாயசம் தெரியாத பொருள் இல்லை. ஓணத்துக்கும் உண்டு, பொங்கலுக்கும் உண்டு. தேங்காய்க்கும் இங்கே குறைவில்லை. அதையே எடுத்துக்கொள்வோம்.

6 பேருக்குச் சிறுபருப்பு 120 கிராம், வெல்லம் 180 கிராம், தேங்காய் 1, ஏலக்காய் 4. வீட்டுக்கு 15 பேர் வருகிறார்கள். எவ்வளவு வேண்டும்?

எண்களைக் கவனியுங்கள். 15 என்பது 6-இன் முழு மடங்கு அல்ல. 12 அல்லது 18 கொடுத்தால் வகுப்பு முழுக்கச் சரியாகப் போட்டுவிடும், யாருக்குப் புரிந்தது, யாருக்குப் புரியவில்லை என்று நமக்குத் தெரியாமலே போய்விடும். இரண்டரை மடங்கு வரும் இடத்தில்தான் குட்டு உடையும்.

ஓரலகு முறையில் ஒருவருக்குப் பருப்பு 20 கிராம், வெல்லம் 30 கிராம். 15-ஆல் பெருக்கினால் 300, 450. இதுவரை சுகம். தேங்காய்க்கு வரும்போது மாட்டிக்கொள்வார்கள். ஒருவருக்கு ஆறில் ஒரு தேங்காய். பின்னமாகவே விட்டால் 15/6, அதாவது இரண்டரை. ஆனால் பாதிப் பிள்ளைகள் 1-ஐ 6-ஆல் வகுத்து 0.16 என்று எழுதி அங்கேயே நிறுத்திவிடுவார்கள். அதை 15-ஆல் பெருக்கினால் 2.4. ஏலக்காய் ஒருவருக்கு 0.66, 15 பேருக்கு 9.9. முறை சரி, நடுவழியில் நறுக்கிய தசமம்தான் விடையைக் கெடுத்தது. இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. ‘ஒருவருக்கு ஆறில் ஒரு தேங்காய், முக்கால் ஏலக்காயும் இல்லை’ என்பது சமையலறையில் யாருடைய வாயிலும் வராத பேச்சு. பிள்ளை அதைப் பொருளாக நினைத்துப் பார்க்காமல் வெறும் எண்ணாகவே தூக்கிக்கொண்டு போகும்.

அட்டவணையில் அதே கணக்கு இப்படிப் போகும்:

| ஆட்கள் | பருப்பு (கி) | வெல்லம் (கி) | தேங்காய் | ஏலக்காய் |
|---|---|---|---|---|
| 6 | 120 | 180 | 1 | 4 |
| 12 | 240 | 360 | 2 | 8 |
| 3 | 60 | 90 | ½ | 2 |
| 15 | 300 | 450 | 2½ | 10 |

6-ஐ இரட்டித்தால் 12. 6-ஐப் பாதியாக்கினால் 3. இரண்டையும் கூட்டினால் 15. கடைசி வரியை எழுதப் பெருக்கலே தேவைப்படவில்லை. அரைத் தேங்காய் என்பது எல்லாரும் கண்ணால் பார்த்த பொருள், அதனால் ½ யாரையும் பயமுறுத்தாது. வரி எங்காவது தப்பினால் மேல் வரியோடு ஒப்பிட்டதும் கண்ணில் படும்: 12 பேருக்கு 360 வெல்லம், 15 பேருக்கு 400-க்குக் கீழே வந்திருந்தால் ‘மூணு பேருக்கு நாற்பதுகூடப் போடலையா?’ என்று பக்கத்துப் பிள்ளையே கேட்டுவிடும்.

குறுக்குப் பெருக்கலில் 6/120 = 15/x, ஆக 6x = 1800, x = 300. மூன்றில் இதுதான் சுருக்கம். ஆனால் எதை எங்கே வைப்பது என்பதில் ஒரு பிசகு விழுந்தால் போச்சு. 6/120 = x/15 என்று வைத்த பிள்ளைக்கு 0.75 வரும். பதினைந்து பேர் பாயசத்துக்கு முக்கால் கிராம் பருப்பு. விடைத்தாளில் அதன் கீழே இரண்டு கோடும் போட்டிருக்கும். இந்த முறை பொருளைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை, அதனால் பொருளற்ற விடை வந்தாலும் எச்சரிக்காது.

இது வெளியிலிருந்து வந்த முறை என்று தள்ளவும் முடியாது. கி.பி. 499-இல் எழுதிய ஆரியபட்டீயத்தில் ஆரியபட்டர் இதைத் திரைராசிகம் என்ற பெயரில் சொல்கிறார்: பலத்தை இச்சையால் பெருக்கிப் பிரமாணத்தால் வகு. தெரிந்த அளவு பிரமாணம், அதற்குக் கிடைப்பது பலம், நாம் கேட்பது இச்சை. நம் கணக்கில் பிரமாணம் 6, பலம் 120, இச்சை 15. மூன்றுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருப்பதைப் பார்த்தால், எது எந்த இடம் என்று மாறிப்போகும் தொல்லை எல்லாக் காலத்துக்கும் பொதுவானதுதான் போலிருக்கிறது.

இப்போது ஆட்களின் எண்ணிக்கையை 35 ஆக்கிப் பாருங்கள். 6-இலிருந்து 30-க்கு ஐந்து மடங்கில் போய்விடலாம். மீதி 5. பாதியாக்கியும் இரட்டித்தும் 5-ஐ எளிதில் பிடிக்க முடியாது. அங்கேதான் அட்டவணையில் ‘1’ என்று ஒரு வரி எழுத வேண்டிய தேவை பிள்ளைக்கே தோன்றும்: 1 ஆளுக்கு 20 கிராம் பருப்பு, 30 கிராம் வெல்லம். அதிலிருந்து 35 பேருக்கு 700, 1050. ஓரலகு முறை அட்டவணைக்குப் போட்டி அல்ல, அதில் ஒரு வரிதான். அட்டவணையில் தொடங்கியவர்கள் ஓரலகுக்கு இயல்பாக வந்து சேர்வார்கள். ஓரலகில் தொடங்கியவர்கள் அட்டவணைக்குத் திரும்புவதில்லை, ஏனென்றால் 15-க்கும் 12-க்கும்கூட முதலில் ஒன்றுக்கு இறங்கித்தான் ஏற வேண்டும் என்று பழகிவிடுவார்கள்.

அட்டவணை முடிந்ததும் ஒரு கேள்வி கேளுங்கள்: எந்த வரியை எடுத்தாலும் மாறாதது எது? மேலிருந்து கீழே போனால் மடங்கு மாறிக்கொண்டே இருக்கிறது, ஒரு முறை 2, ஒரு முறை ½, ஒரு முறை 2½. ஆனால் ஒவ்வொரு வரியிலும் குறுக்கே பார்த்தால் வெல்லம் பருப்பைப் போல ஒன்றரை மடங்கு. 2 : 3 என்று எழுதும் விகிதம் அந்த ஒன்றரைதான். இதைக் கண்டுகொண்ட பிள்ளை, ‘500 கிராம் பருப்புப் பொட்டலம் முழுவதையும் போட்டால் வெல்லம் எவ்வளவு?’ என்ற கேள்விக்கு ஆட்களின் எண்ணிக்கையைத் தேடாமலே 750 என்று சொல்லும்.

இனி இந்தப் பாடத்தின் பெரிய தவறு. 2 பங்கு பருப்புக்கு 3 பங்கு வெல்லம், 5 பங்கு பருப்புக்கு எவ்வளவு என்று கேளுங்கள். கணிசமான பிள்ளைகள் 6 என்பார்கள். வெல்லம் ஒன்று கூட இருந்தது, இப்போதும் ஒன்று கூட இருக்க வேண்டும் என்பது அவர்கள் நியாயம். அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் கார்ப்ளஸ் 1970-களில் இதே தவறை ஒரு சிறு புதிரால் வெளிக்கொண்டு வந்தார்: ஒரு படத்தின் உயரம் 4 பொத்தான், அதுவே 6 காகிதக் கிளிப். இன்னொரு படம் 6 பொத்தான் உயரம், கிளிப்பில் எவ்வளவு? 9 வர வேண்டும். 8 என்று சொன்ன பிள்ளைகள் ஏராளம். கவனக்குறைவால் வரும் தவறு இல்லை இது. கூட்டல் உலகத்திலிருந்து பெருக்கல் உலகத்துக்கு இன்னும் கடக்காததன் அடையாளம்.

‘தப்பு, ஏழரை’ என்று திருத்தினால் நோட்டில்தான் திருந்தும். அதற்குப் பதிலாகப் பலகையில் இரண்டு சட்டி வரையுங்கள். ஒவ்வொன்றிலும் 2 பங்கு பருப்பு, 3 பங்கு வெல்லம்.

‘ரெண்டு சட்டியையும் ஒரு அண்டாவில கொட்டினா இனிப்பு கூடுமா, குறையுமா?’

‘அப்படியேதான் இருக்கும் டீச்சர்.’

‘இப்ப அண்டாவில பருப்பு எத்தனை, வெல்லம் எத்தனை?’

‘நாலு… ஆறு.’

‘ஒண்ணு கூடன்னு சொன்னியே, அப்ப அஞ்சுதானே வரணும்?’

இந்த இடத்தில் சற்று நேரம் மௌனமாக இருக்க வேண்டும். நாமே அவசரப்பட்டு விளக்கக் கூடாது. பிறகு மூன்றாவதாக ஒரு அரைச் சட்டி வரைந்தால், 1 பங்கு பருப்பும் ஒன்றரைப் பங்கு வெல்லமும். மூன்றையும் கொட்டினால் 5-க்கு 7½. அட்டவணையில் வரிகளைக் கூட்டுவது ஏன் சரி என்பதற்கும் இதுவே காரணம்: ஒரே சுவையுள்ள பாயசங்களைக் கலந்தால் சுவை மாறாது. குறுக்குப் பெருக்கலில் இந்தத் தவறைத் தொடவே முடியாது. அந்த முறையில் பழகிய பிள்ளை விகிதத் தேர்வில் 7½ எழுதும், அடுத்த மாதம் வேறு பாடத்தில் 6 என்று எழுதும்.

அட்டவணையில் கடைசியாக ஒரு பத்தி சேர்ப்பது நல்லது: குக்கர் விசில். 6 பேருக்குப் பருப்பு 3 விசிலில் வேகும் என்றால் 15 பேருக்கு ஏழரை விசிலா? வகுப்பு சிரிக்கும், ஆனால் காரணம் சொல்லத் திணறும். பருப்பின் அளவு கூடினால் ஆவி வரச் சற்று நேரம் பிடிக்கும், ஆனால் ஒவ்வொரு பருப்பும் வேக வேண்டிய நேரம் அதேதான். தண்ணீரும் அப்படியே பெருகாது, ஏனென்றால் ஆவியாகப் போவது பாத்திரத்தின் வாயையும் கொதிக்கும் நேரத்தையும் பொறுத்தது. எது கூடினாலும் எல்லாம் அதே மடங்கில் கூடும் என்று நினைப்பதும் ஒரு தவறுதான், பழைய கூட்டல் தவறைத் திருத்திய கையோடு இது முளைக்கும்.

இந்தப் பக்கத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. பாட்டி சொல்லும் நாழி எந்த நாழி? மலையாளக் கணக்கில் நான்கு நாழி ஒரு இடங்கழி. பழைய தமிழ்க் கணக்கில் எட்டு ஆழாக்கு ஒரு நாழி. பெயர் ஒன்று, பாத்திரம் வேறு. விகிதத்துக்கு இதனால் கெடுதல் இல்லை, ஒரே பாத்திரத்தால் எல்லாவற்றையும் அளந்தால் எந்த நாழியானாலும் 2 : 3 தான். கெடுவது வேறு இடத்தில். நம் 2 : 3 எடையில் சொன்னது. பருப்பை டம்ளரில் அளந்து, தூளாக்கிய வெல்லத்தையும் டம்ளரில் அளந்தால் அதே 2 : 3 கிடைக்காது, ஒரு டம்ளர் பருப்பும் ஒரு டம்ளர் வெல்லத்தூளும் ஒரே எடை இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சொல்லும் இரண்டாகத்தான் புழங்குகிறது: அண்ணன் மலையாள மீடியத்தில் படித்தால் வீட்டில் ‘அம்சபந்தம்’, வகுப்பில் ‘விகிதம்’. இரண்டும் ஒன்று என்று முதல் நாளே பலகையில் எழுதிவிட்டால் பிறகு குழப்பம் வராது.

பெயிண்டுக்கு வருவோம். இங்கே கேள்வியின் சாயலே வேறு. பாயசத்தில் ஒரே விகிதத்தை வேறு அளவுக்குக் கொண்டு போனோம். பெயிண்டில் இரண்டு வேறு விகிதங்களில் எது அதிகம் என்று கேட்கிறோம்.

‘அ’ பச்சை: மஞ்சள் 3 கரண்டி, நீலம் 1 கரண்டி. ‘ஆ’ பச்சை: மஞ்சள் 7, நீலம் 3. எதில் மஞ்சள் தூக்கலாகத் தெரியும்?

இந்த எண்களைச் சும்மா எடுக்கவில்லை. கரண்டியை மட்டும் எண்ணும் பிள்ளை 7 பெரிது என்று ‘ஆ’ சொல்லும். வித்தியாசம் பார்க்கும் பிள்ளை, ‘அ’வில் மஞ்சள் 2 கூட, ‘ஆ’வில் 4 கூட என்று அதுவும் ‘ஆ’ சொல்லும். சரியான விடை ‘அ’. ஆக ‘அ’ சொன்னவர் இந்த இரண்டு தவறும் செய்யாதவர். கேட்கும் நிறம் மற்றதைவிடக் குறைவாக இருக்கும் கலவைகளில், உதாரணமாக வெள்ளையில் சிறிது நீலம் கலப்பதில், ஒரே ஜோடி இரண்டு தவறுகளையும் சேர்த்துப் பிடிக்காது. எந்த எண்ணைப் போட்டாலும் ஒரு தவறாவது சரியான விடையில் போய் முடியும். அங்கே இரண்டு ஜோடி தேவை: நீலம் : வெள்ளை 2 : 3-ஐயும் 4 : 5-ஐயும் கொடுத்தால், வித்தியாசம் பார்ப்பவர் ‘ரெண்டும் சமம்’ என்பார். 2 : 3-ஐயும் 3 : 6-ஐயும் கொடுத்தால், கரண்டி எண்ணுபவர் 3 : 6 தான் நீலம் என்பார். பல பயிற்சித் தாள்களில் தவறான வழியில் போனாலும் சரியான விடை கிடைக்கும் ஜோடிகளே இருக்கின்றன. கொடுக்கும் முன் நீங்களே இரண்டு தவறான வழிகளிலும் ஒரு முறை போட்டுப் பார்த்துவிடுங்கள்.

தீர்க்க நல்ல வழி, ஒரு நிறத்தைச் சமமாக்குவது. ‘அ’வை மூன்று முறை கலக்கினால் மஞ்சள் 9, நீலம் 3. ‘ஆ’வில் மஞ்சள் 7, நீலம் 3. நீலம் ஒன்றுதான், மஞ்சள் 9-க்கு 7. முடிந்தது. அட்டவணையில் பழகிய கைக்கு இது புதிதே இல்லை, ‘அ’வின் மூன்றாவது வரி. குறுக்காகப் பெருக்கினாலும் (3 × 3 = 9, 7 × 1 = 7) அதே 9-உம் 7-உம் வரும். ஆனால் அந்த 9 எதன் அளவு என்று கேட்டால் குறுக்கே பெருக்கிய பிள்ளைக்குப் பதில் இருக்காது.

இன்னொரு வழி மொத்தத்தில் பங்கு பார்ப்பது. ‘அ’வில் மொத்தம் 4 கரண்டியில் 3 மஞ்சள், 75 சதவிகிதம். ‘ஆ’வில் 10-இல் 7, 70 சதவிகிதம். பல கலவைகளை ஒரே நேரத்தில் வரிசைப்படுத்த இதுவே வசதி. ஆனால் முதல் நாளே இதை எடுத்தால் ஒரு குழப்பம் காத்திருக்கிறது. 7 : 3 என்பதை 7/3 என்றும் எழுதக் கற்றுக்கொடுக்கிறோம், பிறகு மஞ்சள் 7/10 என்கிறோம். ஒரு பிள்ளை ‘அ’வை 3/4 என்று மொத்தத்தோடும், ‘ஆ’வை 7/3 என்று நீலத்தோடும் எழுதி ஒப்பிடும். பின்ன ஒப்பீடு பிசகில்லாமல் இருக்கும், கேள்விதான் இரண்டாகப் பிளந்திருக்கும். பின்னத்தின் கீழே ‘மொத்தம்’ அல்லது ‘நீலம்’ என்று சொல்லால் எழுத வைத்தால் இது நின்றுவிடும்.

நிஜப் பெயிண்டை வகுப்புக்குக் கொண்டு வரலாமா? வரலாம், ஆனால் 3 : 1-ஐயும் 7 : 3-ஐயும் கண்ணால் பிரித்துக் காட்ட முயல வேண்டாம். 75-க்கும் 70-க்கும் உள்ள வித்தியாசம் கடைசி பெஞ்சுக்குத் தெரியாது. நீலம் மஞ்சளைவிட வேகமாக மேலேறும் நிறம், ஆளுக்கு ஆள் ஒரு துளி கூடினாலே பச்சை கறுத்துவிடும். கண்ணுக்கு 1 : 1-ஐயும் 3 : 1-ஐயும் காட்டுங்கள். நிறத்தை முதலில் இரண்டு பாட்டிலில் ஒரே கெட்டியாகக் கரைத்து வைத்துக்கொண்டு, ஊசி இல்லாத சிரிஞ்சால் அளந்து ஒரே காகிதத்தில் பக்கத்தில் பக்கத்தில் பூசி, காய்ந்த பிறகு பார்க்க வேண்டும். ஈரத்தில் தெரியும் நிறத்தை வைத்துத் தீர்ப்புச் சொன்னால் காய்ந்ததும் தகராறு வரும். 1 : 1-ஐக் கண்ணால் பார்த்த வகுப்பிடம், ‘7 : 3-ஐக் கண் சொல்லாது, இப்போ கணக்குத்தான் சொல்லணும்’ என்று சொன்னால் ஏன் கணக்குப் போடுகிறோம் என்ற கேள்வி எழாது.

கலவை பாடம் முடியும் முன் ஒரு கொக்கி. ‘அ’வில் 4 கரண்டி, ‘ஆ’வில் 10 கரண்டி, இரண்டையும் ஒன்றாக ஊற்றினால் மஞ்சள் 10, நீலம் 4. மொத்தம் 14-இல் 10. உடனே ஒரு பிள்ளை, 3/4 + 7/10 = 10/14 என்று பின்னக் கூட்டலிலும் இதையே செய்யத் தொடங்கும். கலவையில் மேலும் கீழும் கூட்டியது சரி, ஏனென்றால் மொத்தமும் சேர்ந்து பெரிதானது. பின்னக் கூட்டலில் இரண்டும் ஒரே முழுமையின் பங்குகள். இதைச் சொல்லாமல் விட்டால் பின்னப் பாடம் பாழாகும். கலவையில் பாதி பாதி எடுத்தாலோ விடை வேறு: 20 மில்லி ‘அ’, 20 மில்லி ‘ஆ’ என்றால் மஞ்சள் 15 + 14, 40-இல் 29. ஊற்றிய அளவு தெரியாமல் விகிதம் மட்டும் தெரிந்தால் சேர்ந்த கலவையின் விகிதத்தைச் சொல்லவே முடியாது.

ஆகவே இரண்டு பீரியட் கிடைத்தால் முதல் நாள் பாயச அட்டவணை, 6-இலிருந்து 15, பிறகு 35. இரண்டாம் நாள் பெயிண்ட், நீலத்தைச் சமமாக்கும் வழியில். சதவிகிதம் அடுத்த வாரம். குறுக்குப் பெருக்கல் அதற்கும் பிறகு, அட்டவணையின் இரண்டு வரிகளைப் பின்னமாக எழுதி 6/120-உம் 15/300-உம் ஒன்றுதான் என்று பிள்ளைகளே பார்த்த பின்னால். ஒரே ஒரு பீரியட்தான் என்றால் பெயிண்டை விட்டுவிடுங்கள், பாயசத்தை எடுங்கள், 35 பேரையும் விட்டுவிடுங்கள். ஆனால் இரண்டு சட்டியை அண்டாவில் கொட்டும் பகுதியை விடாதீர்கள். தேர்வு அடுத்த வாரமே என்றால் குறுக்குப் பெருக்கலையே முதலில் சொல்லிக் கொடுக்க வேண்டிவரும், அதில் வெட்கம் இல்லை. அப்போது ஒரே ஒரு நிபந்தனை போடுங்கள்: விடைக்குக் கீழே ‘கூட ஆள், அதனால் கூடப் பருப்பு’ என்று ஒரு வரி எழுதிய பிறகே கோடு போடலாம். முக்கால் கிராம் பருப்பு அந்த ஒரு வரியில் மாட்டிக்கொள்ளும்.